பழைய கடைக்குப் புதுப் பெயர்: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

நாகர்கோவிலில் பேக்கிங் கவர், லேபிள் அச்சடித்துக் கொடுப்பது என் தொழில். அப்பா காலத்துக் கடையைப் புதுப்பிக்க நினைக்கும் பிள்ளைகள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். "அண்ணே, ஒரு லோகோ போடணும், கவர் மாத்தணும்." நியாயமாகப் பார்த்தால் அவர்கள் என்னிடம் கடைசியில் வந்திருக்க வேண்டும். வரிசை தலைகீழாகிப் போனதால்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரியான வரிசையை ஒரு ஏத்தங்காய் சிப்ஸ் கடையை வைத்துச் சொல்கிறேன். கடை தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே இருக்கிறது. நாற்பது வருடத்துக்கு மேல் பழையது. போர்டில் இருந்தது ஒரு சாமி பெயர். அதே பெயரில் நம் மாவட்டத்தில் ஊருக்கு ஒரு கடையாவது இருக்கும். உண்மைப் பெயர் வேண்டாம், கிணத்தடிக் கடை என்று வைத்துக்கொள்வோம். அப்பா இன்னும் கல்லாவில் உட்காருகிறார். சிப்ஸைப் பாக்கெட் போட்டு சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் திருவனந்தபுரத்துக்கும் அனுப்ப வேண்டும் என்பது மகனின் ஆசை. பொதுப் பெயரை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு பொருள் போதும். ஒரு நோட்டு. கடையின் பழைய பில் புத்தகங்கள், லைசென்ஸ் நகல்கள், விளம்பரம் வந்த பழைய கோயில் கொடை நோட்டீஸ் அல்லது பள்ளி ஆண்டு மலர். மீதி இருக்கும் கவர்களின் எண்ணிக்கை. ஒரு காலண்டர்.

பழைய காகிதங்களை வெள்ளையடிக்கும் சாக்கில் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நீங்கள் எந்த வருடத்திலிருந்து கடை நடத்துகிறீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. ஏன் என்பது நான்காம் படியில் வரும்.

காலண்டர் எதற்கு? நம் பக்கத்தில் சிப்ஸ் வியாபாரம் வருடம் முழுக்க ஒரே மாதிரி ஓடுவதில்லை. ஓணத்துக்கு முந்திய வாரங்கள், கிறிஸ்துமஸ், வளைகுடாவிலிருந்து ஆட்கள் லீவுக்கு வந்து போகும் மாதங்கள் எல்லாம் நெருக்கடியான காலம். அப்போது பெயர் மாற்றினால் வருகிற ஆளுக்கு நின்று விளக்கம் சொல்ல உங்களுக்கு நேரம் இருக்காது. பொங்கல் முடிந்த பிறகு, பிப்ரவரி சுமாரான மாதம். அங்கே ஆரம்பித்தால் ஓணத்துக்குள் ஜனங்களுக்குப் பழகிவிடும்.

## 2. ஒரு மாதம் காதைத் தீட்டிக்கொண்டு எழுதுங்கள்

கடைக்கு வருகிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் உங்கள் கடையை என்ன சொல்லி அழைக்கிறார்கள், சரக்கை எப்படிக் கேட்கிறார்கள் என்பதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே நோட்டில் எழுதுங்கள். முப்பது நாள். திருத்தி எழுத வேண்டாம்.

கிணத்தடிக் கடையில் மகனுக்கு இது வீண் வேலையாகத்தான் பட்டது. மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டியபோது, போர்டில் இருந்த சாமி பெயரைச் சொன்னவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. "கிணத்தடியில வாங்கினது", "கிணத்துப் பக்கத்துக் கடைதானே?" என்றுதான் பெரும்பாலும் இருந்தது. அந்தக் கிணறு மூடப்பட்டுப் பல வருடம் ஆகிறது! சிலர் "கெழவன் கடை" என்றும் சொல்லியிருந்தார்கள். அப்பா அந்தப் பக்கத்தை மட்டும் ரசிக்கவில்லை.

இதோடு இன்னொன்றும் செய்யுங்கள். நெடுநாள் வாடிக்கையாளர்களில் பத்துப் பேரிடம், "உங்க போன்ல எங்க நம்பரை என்ன பேர்ல சேவ் பண்ணியிருக்கீங்க?" என்று கேளுங்கள். நேரில் கேட்டால் மரியாதைக்குப் போர்டில் உள்ள பெயரைச் சொல்வார்கள். போனைத் திறந்து காட்டச் சொன்னால் உள்ளது தெரிந்துவிடும்.

காரணம் இதுதான். கடைக்காரர் தன் கடையின் அடையாளம் போர்டில் இருப்பதாக நினைக்கிறார். வாடிக்கையாளருக்கு அது ஒரு கிணறாகவோ, பச்சை ஷட்டராகவோ, ருசி பார்க்க இரண்டு சிப்ஸ் எடுத்து நீட்டும் கையாகவோ இருக்கிறது. அது எது என்று தெரியாமல் மாற்ற ஆரம்பித்தால், நீங்கள் அறியாமலே அதைத்தான் முதலில் பிடுங்கி எறிவீர்கள்.

## 3. மூன்று பட்டியல் போடுங்கள்

நோட்டை முன்னால் வைத்துக்கொண்டு கடையில் உள்ள ஒவ்வொன்றையும் மூன்றில் ஒரு பட்டியலில் சேருங்கள்: தொடக் கூடாதது, மெதுவாக மாற்றுவது, நாளைக்கே மாற்றக் கூடியது. எதை எங்கே போடுவது என்று தெரியாவிட்டால் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. அந்தப் பொருளை ஒரு வாரம் எடுத்து வைத்துப் பாருங்கள். "அது எங்க?" என்று வருகிறவர்கள் கேட்டால் தொடக் கூடாதது. யாருமே கேட்கவில்லை என்றால் அது உங்களுக்கு மட்டும்தான் முக்கியம்.

கிணத்தடிக் கடையில் முதல் பட்டியலில் வந்தவை இவை: தேங்காய் எண்ணெய், சிப்ஸின் கனம், உப்பு, கண்ணாடி ஜாடியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுப்பது, நிறுத்த பிறகு மேலே போடும் ஒரு பிடி, வாசலிலிருந்து பார்த்தால் தெரியும்படி அடுப்பு இருப்பது, கவரின் மஞ்சள் நிறம்.

எண்ணெயைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வேறு எண்ணெயில் பொரித்ததை நம் ஊர்க்காரர் வாசனையிலேயே கண்டுபிடிப்பார். பலர் கோட்டை விடுவது கனத்தில். மகன் புதிதாகச் சீவும் மெஷின் வாங்கினார். அதில் சீவல் கொஞ்சம் மெலிதாக வந்தது. பார்க்க அழகு, சீக்கிரம் வெந்தும் விடுகிறது. ஆனால் மெலிந்த சீவலில் எடைக்கு எண்ணெய் கூடுதலாகப் பிடிக்கும். அதோடு, கொதிக்கும் எண்ணெயில் தெளிக்கும் மஞ்சள் உப்புத் தண்ணீர் பழைய அளவிலேயே இருந்ததால், உப்பும் ஏறிவிட்டது. ஒரு பாட்டி வந்து கேட்டார்: "எண்ணெய மாத்தினியா மக்ளே?" எண்ணெய் மாறவில்லை, பிளேடுதான் மாறியிருந்தது. வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியும், காரணம் தெரியாது. தோன்றிய காரணத்தைத் தன் சொந்தக்காரர்களிடம் சொல்லவும் செய்வார்.

மெஷின் வேண்டுமென்றால் வாங்குங்கள். பிளேடைப் பழைய கனத்துக்கு வைத்துப் பொரித்து, பழையதையும் புதியதையும் எது எது என்று சொல்லாமல் தெரிந்த பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்துப் பாருங்கள். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியாத நிலை வரும்வரை கடைச் சரக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

மஞ்சள் கவர் முதல் பட்டியலுக்கு வந்தது என் தவறால். சில வருடம் முன்பு வேறொரு பலகாரக் கடைக்கு நானே முன்னின்று சிவப்புக் கவரைக் கறுப்பும் தங்கமுமாக மாற்றிக் கொடுத்தேன். கடைக்காரருக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டு மாதத்தில் மீதிக் கவரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் சரக்குக்குத் தெரு முனைக் கடைகளில் ஒரு கொக்கி இருந்தது. அங்கே குழந்தைகளை அனுப்பி வாங்கும் வீடுகளில் "சிவப்புக் கவர் வாங்கிட்டு வா" என்றே சொல்லிப் பழகியிருந்தார்கள். பிள்ளைகள் பக்கத்துக் கொக்கியில் தொங்கிய வேறு சிவப்புக் கவரை வாங்கிப் போனார்கள். அன்றிலிருந்து எழுத்தை மாற்றுவேன், படத்தை மாற்றுவேன், பெரும்பங்கு நிறத்தை மட்டும் மாற்ற மாட்டேன்.

இரண்டாம் பட்டியலில் பெயர், போர்டு, கவரின் எழுத்து, சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதிலிருந்து பாக்கெட்டுக்குப் போவது. மூன்றாவதில் பில் மெஷின், விளக்கு, தரை, சரக்கு அறை, கணக்கு எழுதும் முறை. மூன்றாவதை இன்றைக்கே செய்யுங்கள், யாரிடமும் கேட்க வேண்டாம்.

விலையும் எடையும் எந்தப் பட்டியலிலும் வராது. அவற்றுக்குத் தனி விதி: பெயர் மாறும் மாதத்துக்கு முன்னும் பின்னும் மூன்று மாதம் விலையைத் தொடாதீர்கள். புதுக் கவரில் கூடுதல் விலையைப் பார்த்தவர், கடை கைமாறிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார். தேங்காய் எண்ணெய் விலை ஏறி வேறு வழியில்லை என்றால், முதலில் பழைய கவரிலேயே விலையை ஏற்றிவிட்டு, அது அடங்கிய பிறகு பெயருக்கு வாருங்கள்.

## 4. பெயரைத் தேர்ந்தெடுத்து, போர்டுக்கு முன் பதிவுக்கு அனுப்புங்கள்

புதுப் பெயரை வெளியே தேடாதீர்கள். இரண்டாம் படியில் எழுதிய நோட்டிலேயே அது இருக்கும். ஜனங்கள் ஏற்கெனவே வாயால் சொல்லும் பெயரை வைத்தால், மாற்றம் நடந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது. நம் கடை அப்படித்தான் கிணத்தடி ஆனது. மகன் முதலில் கொண்டுவந்தது முழுக்க ஆங்கிலப் பெயர். அப்பாவுக்கு அது வாயில் நுழையவே இல்லை. கல்லாவில் இருப்பவரால் சொல்ல முடியாத பெயர் வேண்டாம் என்று அங்கேயே முடிந்தது.

சரக்கின் பெயரையோ ஊர்ப் பெயரையோ மட்டும் வைத்தால் டிரேட்மார்க் பதிவு கிடைப்பது கடினம். "நேந்திரன் சிப்ஸ்", "நாகர்கோவில் சிப்ஸ்" போன்றவை யார் வேண்டுமானாலும் சொல்லக் கூடிய வார்த்தைகள்; ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

ipindia.gov.in தளத்தில் டிரேட்மார்க் தேடல் இலவசம். வாழைக்காய் சிப்ஸ் 29ஆம் வகுப்பில் வரும். அந்த வகுப்பில் உங்கள் பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையும் போட்டுத் தேடுங்கள். தமிழ்ப் பெயரை Kinathadi என்றும் எழுதுவார்கள், Kinattadi என்றும் எழுதுவார்கள். ஒன்றைத் தேடிவிட்டு இல்லை என்று சந்தோஷப்படுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஒலி ஒத்திருந்தாலும் ஆட்சேபம் வரும்.

விண்ணப்பம் TM-A படிவம். தனிநபரோ சிறுதொழிலோ ஆன்லைனில் போட்டால் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். அதில், இந்தப் பெயரை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று ஒரு கேள்வி வரும். இங்கேதான் பழைய காகிதம் வேலை செய்யும். கிணத்தடி என்பது போர்டில் இல்லாவிட்டாலும், பழைய நோட்டீஸ் விளம்பரம் ஒன்றில் சாமி பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் "கிணத்தடி" என்று அச்சாகியிருந்தது. அப்படிக் கையில் ஆதாரம் இருந்தால் அந்தத் தேதியைக் காட்டி, உறுதிமொழிப் பத்திரத்தோடு இணைக்கலாம். இல்லாவிட்டால் பயன்படுத்தப் போவதாகத்தான் போட வேண்டும்; தேதியைக் கற்பனை செய்யாதீர்கள். பதிவு செய்தவரைவிட முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்துபவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. இது உங்களுக்கும் உதவும், உங்கள் பெயரை முன்பே வைத்திருக்கும் இன்னொருவருக்கும் உதவும்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டு டிரேட்மார்க் இதழில் வெளியான பிறகும் நான்கு மாதம் யாரும் எதிர்க்கலாம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்ப எண் வந்ததும் அடுத்த படிக்குப் போகலாம். பெயருக்குப் பக்கத்தில் ™ போடலாம். ® என்பது பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான். முன்பே போடுவது குற்றம்.

## 5. காகிதத்தில் எதை மாற்ற வேண்டும், எதை விடலாம்

பெயர் மாற்றினால் எல்லா லைசென்ஸையும் மாற்ற வேண்டும் என்று பயந்து பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். பிராண்டுப் பெயர் வேறு, தொழிலின் சட்டப் பெயர் வேறு. கிணத்தடிக் கடையில் சட்டப் பெயரைத் தொடவே இல்லை. அது அப்பாவின் பெயரில், அவருடைய பான் எண்ணில் அப்படியே இருக்கிறது. கவரின் முன்பக்கம் பெரிதாகப் புதுப் பெயர்; பின்பக்கம் "தயாரிப்பாளர்" என்ற இடத்தில் லைசென்ஸில் உள்ள பழைய பெயரும் முகவரியும், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணும். இதில் இன்னொரு நன்மை, பழைய பெயர் கவரில் தானாகவே தங்கிவிடுகிறது.

கடையின் வர்த்தகப் பெயரையே மாற்றுகிறீர்கள் என்றால் ஜிஎஸ்டி தளத்தில் REG-14 படிவத்தில், மாற்றம் நடந்த 15 நாளுக்குள் திருத்தம் கொடுக்க வேண்டும். அப்பா பெயரிலிருந்து மகன் பெயருக்கோ கூட்டு நிறுவனத்துக்கோ போனால் பான் எண் மாறும். அது திருத்தமாக நடக்காது, புதுப் பதிவாகத்தான் வரும். பெயர் மாற்றத்தையும் உரிமையாளர் மாற்றத்தையும் ஒரே வருடத்தில் போட்டுக் குழப்பாதீர்கள்.

கல்லாவில் இருக்கும் கியூஆர் அட்டையை எல்லோரும் மறக்கிறார்கள். ஸ்கேன் செய்ததும் போனில் ஒரு பெயர் வரும். போர்டில் ஒன்று, போனில் வேறொன்று என்றால் பணம் அனுப்ப வந்தவர் கையை நிறுத்திவிடுவார். வங்கியில் சொல்லி அந்தப் பெயரைத் திருத்துங்கள். திருத்தி வரும்வரை அட்டைக்குக் கீழே, "போனில் இந்தப் பெயர் வரும்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

## 6. கவர்: முதல் சுற்று சின்னதாக இருக்கட்டும்

என் பிழைப்புக்கு எதிராகச் சொல்கிறேன்: முதல் முறையே பெரிய அளவில் அச்சடிக்காதீர்கள். பெரிய அச்சுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் வெட்ட வேண்டும். பிறகு ஒரு எழுத்து தவறு என்றாலும் அந்த நிறச் சிலிண்டரைத் திரும்ப வெட்ட வேண்டியதுதான். முதல் மூன்று மாதத்துக்கு வெறும் மஞ்சள் கவர் வாங்கி, முழு விவரமும் அச்சான லேபிளை ஒட்டி விற்றுப் பாருங்கள்.

பாக்கெட்டில் நிகர எடை, தயாரித்த தேதி, எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் முகவரி, புகாருக்கான தொடர்பு எண் எல்லாம் இருந்தாக வேண்டும். மீதி இருக்கும் பழைய அச்சுக் கவரின் மேல் இந்த விவரங்களை மாற்றிச் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டப் பார்க்காதீர்கள். விதி அதை அனுமதிப்பதில்லை. விலையைக் குறைத்துக் காட்ட மட்டும் ஒட்டலாம், அப்போதும் அச்சான விலையை மறைக்கக் கூடாது. அதனால்தான் தொடக்கத்திலேயே மீதிக் கவரை எண்ணச் சொன்னேன். பழையதை விற்றுத் தீர்க்க எத்தனை வாரம் ஆகும் என்று கணக்குப் போட்டு, புதுக் கவரின் தேதியை அதற்கேற்பத் தள்ளுங்கள்.

புதுப் பெயருக்குக் கீழே ஒரு வருடத்துக்காவது, "முன்பு" என்று போட்டுப் பழைய பெயர் இருக்கட்டும். பழைய பெயரின் எழுத்து வடிவத்தையும் மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடுங்கள். படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்த வடிவத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வார்கள்.

## 7. போர்டு கடைசி

கவர் இரண்டு மூன்று மாதம் வீடுகளுக்குப் போன பிறகு போர்டை மாற்றுங்கள். தெருவில் போகிறவர் அண்ணாந்து பார்க்கும்போது, வீட்டில் கண்ட பெயர் அங்கே இருக்க வேண்டும். முதலில் போர்டு மாறினால், உள்ளே எல்லாம் பழையபடி இருந்தாலும், "கடைய வித்தாச்சா?" என்ற பேச்சு பஸ் ஸ்டாண்ட் வரை போய்விடும்.

போர்டில் தமிழ்தான் முதலில், பெரிதாக. தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்ற வரிசையில் 5:3:2 என்ற அளவு சொல்லப்படுகிறது. களியக்காவிளைப் பக்கம் மலையாளமும் சேர்ப்பார்கள். அதுவும் இந்த அளவுக்குள் வரட்டும். பழைய போர்டை ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றாதீர்கள். பகலில், அப்பா வாசலில் நிற்கும்போது கழற்றுங்கள். நாலு பேர் என்ன விஷயம் என்று கேட்பார்கள், அவரே பதில் சொல்வார். அது எந்த நோட்டீஸைவிடவும் மேல்.

கல்லாவில் உள்ளவர்களுக்கு ஒரே பதிலைச் சொல்லிக் கொடுங்கள்: "கடை அதேதான், ஆள் அதேதான். நீங்க கூப்பிடுற பேரையே போர்டுல போட்டாச்சு." வேலை பார்க்கும் பையன் ஒன்றும் முதலாளி ஒன்றும் சொன்னால் சந்தேகம் வரும்.

கூகுள் மேப்பில் புதிதாக ஒரு இடம் சேர்க்காதீர்கள். இருக்கும் பக்கத்திலேயே பெயரைத் திருத்துங்கள். புதிது ஆரம்பித்தால் இத்தனை வருட மதிப்புரைகள் பழைய பெயரோடு தங்கிவிடும். பழையதை "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று குறித்தால் அதைவிட மோசம். விமானத்துக்குப் போகும் வழியில் சிப்ஸ் வாங்க மேப்பில் தேடுபவர் கடையே இல்லை என்று நேராகப் போய்விடுவார்.

## 8. மாற்றிய பிறகு எதைப் பார்க்க வேண்டும்

மொத்த விற்பனையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். புதுப் பெயருக்கு வேடிக்கை பார்க்கப் புது ஆட்கள் வருவார்கள், விற்பனை ஏறியது போலத் தெரியும். அந்த நேரத்தில் பழைய ஆள் சத்தமில்லாமல் நின்றிருப்பார்.

எனவே போர்டு மாற்றும் முன்பே நாற்பது பழைய வாடிக்கையாளர்களின் பட்டியலை அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். யார் மாதா மாதம் வருவார், யார் மகன் வளைகுடாவுக்குத் திரும்பும்போது மட்டும் ஐந்து கிலோ கட்டித்தரச் சொல்வார் என்று அவருக்குத் தெரியும். வந்ததும் பெயருக்கு நேரே தேதி போடுங்கள். வழக்கமாக வர வேண்டிய நேரம் தாண்டி ஒரு மாதம் ஆகியும் வராதவருக்குப் போன் செய்யுங்கள். மகன் செய்ய வேண்டாம், அப்பா செய்யட்டும்; விற்பதற்காக இல்லாமல், விசாரிப்பதற்காக.

கல்லாவில் கேட்கப்படும் கேள்விகளையும் மறுபடி நோட்டில் எழுதுங்கள். "ஏன் பேர் மாத்தினீங்க?" என்பது ஒன்றும் செய்யாது, சில வாரத்தில் அடங்கிவிடும். "ஆள் மாறியாச்சா?" என்று தொடர்ந்து வந்தால் பழைய பெயரை போர்டில் இன்னும் பெரிதாக்குங்கள். "ருசி மாறிட்டு" என்று மூன்று பேர் சொன்னால் பெயரை விடுங்கள், அடுப்படிக்குப் போய்ப் பிளேடு, உப்புத் தண்ணீர், எண்ணெய் வரும் இடம் மூன்றையும் அன்றைக்கே பாருங்கள்.

கிணத்தடிக் கடையில் அந்த நாற்பது பேரில் மூன்று பேர் வரவில்லை. அப்பா போன் செய்தார். ஒருவர் மகள் வீட்டுக்குச் சென்னை போயிருந்தார். இன்னொருவருக்குச் சர்க்கரை, டாக்டர் பொரித்தது வேண்டாம் என்றிருந்தார். மூன்றாவது ஆள் மட்டும் கோபத்தில் இருந்தார். பாக்கெட் வந்த பிறகு, நிறுத்து முடித்து மேலே போடும் அந்த ஒரு பிடி நின்றுபோனதாம். அடுத்த வாரத்திலிருந்து கடையில் நேராகப் பாக்கெட் வாங்குபவர்களுக்கும் ஒரு பிடி காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்கள்.